வெப்பநிலைப் பதிவில் ஒரு நட்சத்திர நாள்

ஜெர்மனியின் யேனா நகரில், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களில் ஒன்று நடத்தும் வானிலை நிலையம் இருக்கிறது. வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் வேகம் என 14 அளவுகளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது பதிவு செய்கிறது. 2009 தொடக்கத்திலிருந்து 2016 முடிவு வரையிலான எட்டு ஆண்டுப் பதிவு ஒரே கோப்பாக இணையத்தில் கிடைப்பதால், உலகெங்கும் மாணவர்கள் கணக்குப் பழக அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எட்டு ஆண்டுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 23.01 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருக்கிறது, 37.28 வரை ஏறியிருக்கிறது.

இந்த எண்களை வரைபடமாகப் போட்டால் எட்டுக் கோடைகளும் எட்டுக் குளிர்காலங்களும் மேடும் பள்ளமுமாகத் தெரியும். தினசரி ஏற்ற இறக்கம் தெரியாது. 2,922 நாட்களை ஒரு தாளின் அகலத்துக்குள் அடக்கும்போது கோடுகள் நெருங்கி ஒரு தடித்த பட்டையாகிவிடுகின்றன. மழை பெய்த நாட்கள், வடக்கிலிருந்து குளிர்காற்று வந்த வாரங்கள், வழக்கத்துக்கு மாறாக வெயில் காய்ந்த நாட்கள் எல்லாம் அந்தப் பட்டைக்குள் கலந்து கிடக்கின்றன.

அந்தக் கலவையைப் பிரித்து, எந்தக் கால அளவில் எத்தனை டிகிரி ஏறி இறங்குகிறது என்று பட்டியல் போட்டுத் தரும் கணக்குக்குத் தனித்த ஃபூரியே உருமாற்றம் என்று பெயர். யேனா பதிவை அதில் கொடுத்தால், பட்டியலில் ஓராண்டுக்கும் 24 மணி நேரத்துக்கும் நேராகப் பெரிய எண்கள் நிற்கும். யாரும் எதிர்பார்ப்பதுதான். அவற்றோடு இன்னொன்றும் தலைநீட்டும்: 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. நட்சத்திரங்களை வைத்துப் பார்க்கும்போது பூமி ஒருமுறை தன்னைச் சுற்றிக்கொள்ள எடுக்கும் நேரம் இது. அப்படியானால் யேனாவின் காற்று சூடாவதில் நட்சத்திரங்களுக்குப் பங்கு உண்டா? இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால், இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றும் என்பது இரண்டும் புரிந்துவிடும்.

எட்டு எண்களில் ஒரு நாள்

முதலில் கையாலேயே போடக்கூடிய ஒரு சின்னக் கணக்கு. ஒரு கோடை நாளில் நள்ளிரவு தொடங்கி மூன்று மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். 15, 13, 14, 19, 23, 25, 22, 17 என்று எட்டு எண்கள் கிடைக்கின்றன. இவற்றின் சராசரி 18.5. ஒவ்வொன்றிலிருந்தும் சராசரியைக் கழித்தால் −3.5, −5.5, −4.5, 0.5, 4.5, 6.5, 3.5, −1.5 என்று வரும். இனி நமக்கு வேண்டியது இந்த விலகல்கள் மட்டுமே.

இப்போது 24 மணி நேரத்தில் ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு கொசைன் அலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே எட்டு நேரங்களில் அதன் மதிப்புகள் 1, 0.707, 0, −0.707, −1, −0.707, 0, 0.707. நேருக்கு நேர் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் −17.9 வருகிறது. அதே கால அளவுள்ள சைன் அலையோடும் இப்படியே பெருக்கிக் கூட்டினால் −15.07. இந்த இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 23.4. அதை 2-ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் 5.85. அதாவது, அந்த நாளுக்குள் இருக்கும் 24 மணி நேர அலையின் வீச்சு 5.85 டிகிரி, சராசரிக்கு மேலே அவ்வளவு ஏறி, கீழே அவ்வளவு இறங்குகிறது. எந்த நேரத்தில் உச்சம் என்பதும் அந்த இரண்டு எண்களுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றின் விகிதத்திலிருந்து கோணத்தைக் கணக்கிட்டால் சுமார் 220 பாகை. மணிக்கு 15 பாகை என்று வகுத்தால் பிற்பகல் 2.40.

இந்தப் பெருக்கலும் கூட்டலும் ஏன் பலிக்கின்றன? ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்பத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்துகொள்ளும்; போக்குக்குப் பொருந்தாமல் தள்ளினால் ஒன்று கொடுத்ததை இன்னொன்று எடுத்துவிடும். பெருக்கலிலும் அதுவே நடக்கிறது. பதிவும் அலையும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால், மிகையோடு மிகையும் குறையோடு குறையும் சந்தித்து விடை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். தாளம் வேறானால் மிகையும் குறையும் கலந்து வந்து கூட்டல் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கும். உச்சநேரம் எங்கே இருந்தாலும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே கொசைன், சைன் இரண்டையும் வைத்துப் பார்க்கிறோம்.

அதே எட்டு எண்களை 12 மணி நேர அலையோடு பெருக்கினால் இரண்டு கூட்டல்களும் 2, 2 என்று வந்து வீச்சு 0.7 டிகிரி ஆகிறது. நாளில் இருமுறை வெயில் ஏறுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காலையில் வெப்பநிலை சடசடவென்று ஏறுகிறது. மாலைக்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே விடியும்வரை போகிறது. சீரான ஒற்றை அலையால் இந்த வடிவத்தைக் காட்ட முடியாது. 24 மணி அலைக்கும் உண்மையான வடிவத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை 12 மணி அலை ஈடுகட்டுகிறது. ஆக, பட்டியலில் நிற்கும் ஒரு சிகரம் எப்போதும் தனி ஒரு காரணத்தின் அடையாளமாக இருந்தாக வேண்டியதில்லை. நட்சத்திர நாளைப் பற்றி யோசிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

எட்டு ஆண்டுகளுக்கு அதே கணக்கு

யேனா பதிவிலிருந்து மணிக்கு ஒரு அளவு வீதம் எடுத்தால், ஒன்றும் விடுபடாத பட்சத்தில் 2,922 நாட்களுக்கு 70,128 எண்கள். மொத்தப் பதிவுக்குள் ஒருமுறை ஏறி இறங்கும் அலை, இருமுறை ஏறி இறங்கும் அலை, மூன்று முறை என்று வரிசையாக 35,064 வரை ஒவ்வொன்றோடும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இதை நேரடியாகப் போட்டால் கோடிக்கணக்கில் பெருக்கல்கள் தேவைப்படும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒருமுறை கிடைத்த விடைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியை 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்டார்கள். சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும்போது 1805 வாக்கிலேயே காஸ் இதே வழியைக் கண்டிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. இன்று சாதாரண மடிக்கணினி இதைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

பைத்தான் மொழியில் மொத்த வேலையும் இவ்வளவுதான்:

```python
import numpy as np
x = T - T.mean()
X = np.fft.rfft(x)
A = 2 * np.abs(X) / len(x)
print(A[8], A[2922], A[5844])
print(A[2914], A[2930])
```

`A` என்ற பட்டியலில் ஒவ்வொரு இடத்தின் எண்ணும், மொத்தப் பதிவில் அந்த அலை எத்தனை முறை வருகிறது என்பதைச் சொல்கிறது. எட்டு ஆண்டில் எட்டு முறை வருவது ஆண்டுச் சுழற்சி. ஆகவே 8-ஆம் இடம். 2,922 முறை வருவது நாள் சுழற்சி. 5,844 என்பது 12 மணி அலை. யேனாவில் ஜனவரிச் சராசரி உறைநிலையை ஒட்டியும் ஜூலைச் சராசரி 19 டிகிரி வாக்கிலும் இருப்பதால், 8-ஆம் இடத்தில் 9 டிகிரியை ஒட்டிய எண் வரும். அது இந்தப் பட்டியலிலேயே பெரியது. நாள் சுழற்சியின் வீச்சு அதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் 2,922-ஆம் இடத்தில் அது ஊசிபோல நிமிர்ந்து நிற்கும். அதைச் சுற்றியுள்ள இடங்களில் எண்கள் தாழ்ந்து கிடப்பதே காரணம். நாளுக்கு நாள் மாறும் வானிலை எந்த ஒரு கால அளவிலும் குவியாமல் ஆயிரக்கணக்கான இடங்களில் சிதறிவிடுகிறது. தவறாத ஒழுங்கோடு வருவது மட்டும் ஒரே இடத்தில் சேர்கிறது. பதிவு நீள நீள இந்த வேறுபாடு கூடிக்கொண்டே போகும்.

ஒரு சிகரத்துக்கு இரண்டு காவலர்கள்

நிரலின் கடைசி வரியில் கேட்டிருக்கும் 2,914, 2,930 ஆகிய இரண்டு இடங்களைப் பார்ப்போம். 70,128 மணி நேரத்தை 2,930-ஆல் வகுத்தால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. இதுதான் நட்சத்திர நாள். 2,914-ஆல் வகுத்தால் 24 மணி 3 நிமிடம் 57 விநாடி. இந்தக் கால அளவில் சுற்றுகிற எதுவும் வானத்தில் இல்லை. இரண்டும் 2,922-இலிருந்து சரியாக எட்டு இடம் தள்ளி, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் நிற்கின்றன. எட்டு என்பது ஆண்டுச் சுழற்சியின் எண். துப்பு இங்கேதான் இருக்கிறது.

யேனாவில் டிசம்பர் நாள் குறுகியது. சூரியன் தாழ்வாகப் போகும். வானமும் பெரும்பாலும் மூடியிருக்கும். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் அதிக வித்தியாசம் இருக்காது. ஜூனில் வெயில் நெடுநேரம் அடிப்பதால் வித்தியாசம் பெரிது. நாள் சுழற்சியின் வீச்சு குளிர்காலத்தில் 1.5 டிகிரி, கோடையில் 5.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.5, அதற்கு மேலும் கீழும் ஆண்டுக்கு ஒருமுறை 2 டிகிரி ஏறி இறங்குகிறது. அப்படியானால் நாள் அலை ஆண்டு அலையால் பெருக்கப்படுகிறது. இரண்டு கொசைன்களைப் பெருக்கினால், அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டிய ஓர் அலையும் கழித்த ஓர் அலையும் பாதிப் பாதி வீச்சோடு கிடைக்கும் என்பது பள்ளியில் படித்த முக்கோணவியல் சூத்திரம். ஆகவே 2,922-இல் 3.5 டிகிரியும், 2,922 + 8 = 2,930-இல் 1 டிகிரியும், 2,922 − 8 = 2,914-இல் 1 டிகிரியும் வந்து நிற்கும்.

நட்சத்திர நாள் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெளிவு. பூமி சூரியனை ஓராண்டில் ஒருமுறை சுற்றுவதால், ஆண்டுக்கு நாம் எண்ணும் நாட்களைவிட ஒரு சுற்று அதிகமாகவே பூமி நட்சத்திரங்களைப் பார்த்துச் சுற்றிவிடுகிறது: 365.25 நாட்களுக்கு 366.25 சுற்றுகள். நாள் சுழற்சியோடு ஆண்டுக்கு ஒன்றைக் கூட்டினால் எப்போதும் நட்சத்திர நாள்தான் கிடைக்கும். யேனாவின் காற்றைச் சூடாக்குவது சூரியன்தான். கோடையில் கூடுதலாகவும் குளிரில் குறைவாகவும் சூடாக்குகிறது என்ற ஒரே செய்தியைத்தான் இரண்டு பக்கச் சிகரங்களும் சேர்ந்து சொல்கின்றன.

இந்தக் குழப்பம் வெறும் பாடப்புத்தகக் கற்பனையாகப் போய்விடவில்லை. விண்வெளியின் ஏதாவது ஒரு திசையிலிருந்து காஸ்மிக் கதிர்கள் அதிகமாக வருகின்றனவா என்று தேடிய இயற்பியலாளர்கள், தங்கள் எண்ணிக்கையில் நட்சத்திர நாளுக்கு ஒரு சுழற்சி உண்டா என்று பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும்போது, வளிமண்டலத்தின் நாள் சுழற்சி பருவத்தோடு கூடிக் குறைவதே பொய்யான நட்சத்திர நாளை உண்டாக்கக்கூடும். 1954-இல் ஃபார்லி, ஸ்டோரி என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: ஆண்டுக்கு 364.25 முறை வரும், வானத்தில் எதற்கும் சொந்தமில்லாத அந்த எதிர்ப்பக்க இடத்தைப் பாருங்கள். அங்கே என்ன நிற்கிறதோ அது பருவத்தின் வேலை. அதே அளவு நட்சத்திரப் பக்கத்திலும் கலந்திருக்கும் என்று கொண்டு கழித்துவிடலாம். காஸ்மிக் கதிர் ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை இன்றும் கைவிடவில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பருவத்தோடு வீச்சு மட்டும் மாறினால்தான் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். யேனாவில் சூரிய உதயம் மாதத்துக்கு மாதம் முன்பின் ஆவதால் உச்சநேரமும் கொஞ்சம் நகர்கிறது. வீச்சும் நேரமும் சேர்ந்து மாறும்போது ஒரு பக்கம் சற்றே உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் வரலாம். ஆகவே 2,930 கொஞ்சம் உயர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது.

பதிவு கெட்டிருந்தால்

இவ்வளவு நுட்பமான வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். முதலில் நீளம். ஒரு மாதப் பதிவை மட்டும் வைத்து 24 மணி நேரத்தையும் 23 மணி 56 நிமிடத்தையும் பிரிக்கவே முடியாது. இரண்டு அலைகளும் ஒன்றைவிட்டு ஒன்று முழுதாக ஒரு சுற்று விலக ஓராண்டு ஆகும். அதனால் ஓராண்டாவது வேண்டும். பல ஆண்டுகள் இருந்தால் சிகரங்கள் தெளிவாக விலகி நிற்கும்.

நீளம் முழு ஆண்டுகளாக இருப்பதும் முக்கியம். எட்டு ஆண்டுகளில் இரண்டு லீப் ஆண்டுகள் வருவதால் 2,922 என்பது 365.25-இன் சரியான எட்டு மடங்கு. அதே பதிவை ஏழரை ஆண்டில் வெட்டினால், ஆண்டுச் சுழற்சிக்கு 7.5 என்ற இடம் வேண்டும். பட்டியலில் அப்படி ஓர் இடம் கிடையாது. 7-ஆம் இடமும் 8-ஆம் இடமும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் உண்மை வீச்சில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் தெரியும். மீதி பக்கத்து இடங்களுக்கெல்லாம் கசியும். சிகரம் கூராக இல்லாமல் இருபக்கமும் சரிந்து அகன்றிருந்தால், முதலில் பதிவின் நீளத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

விடுபட்ட அளவுகள் இதைவிட மோசமானவை. யேனா கோப்பில் பத்து நிமிட வரிசைகள் 4,20,768 இருக்க வேண்டும், இருப்பவை 4,20,551. 217 வரிசைகள் குறைவு. அது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை என்று விட்டுவிடத் தோன்றும். 217 வரிசை என்பது 36 மணி 10 நிமிடம். அதாவது ஒன்றரை நாள். அவ்வளவும் பதிவின் நடுவில் ஒரே இடத்தில் விடுபட்டு, யாரும் நேரத்தைப் பார்க்காமல் வரிசை எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதாக எண்ணிப் பாருங்கள். இடைவெளிக்குப் பிறகு நண்பகல் இருக்க வேண்டிய இடத்தில் நள்ளிரவு வந்து உட்காரும். முதல் நான்கு ஆண்டுகளில் சேர்ந்ததை அடுத்த நான்கு ஆண்டுகள் அழித்துவிடும். சரியாக 24 மணி நேரம் என்ற இடத்தில் அலை ஏறக்குறைய காணாமல் போய், அதன் இரு பக்கத்திலும் இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒவ்வொரு வரிசையையும் அதன் நேரக்குறிப்பைப் பார்த்து உரிய இடத்தில் வைத்து, காலி இடங்களை அக்கம்பக்கத்து நாட்களின் அதே மணி அளவுகளால் நிரப்பினால் இந்தப் பிழை வராது.

இன்னொன்று, கருவி பழுதானபோது சில பதிவுகளில் எழுதப்படும் −9999 என்ற எண். இந்தக் கோப்பிலேயே காற்றின் வேகப் பத்தியில் அது இருக்கிறது. வெப்பநிலைப் பத்தியில் அப்படி ஒரே ஓர் எண் நுழைந்துவிட்டால், எந்த அலையோடு பெருக்கினாலும் பத்தாயிரம் அளவுக்கு ஒரு துள்ளல் சேரும். 2-ஆல் பெருக்கி 70,128-ஆல் வகுத்தால் அது 0.29 டிகிரி. பட்டியலின் எல்லா இடங்களும் ஒரேயடியாக 0.29 வாக்கில் உயர்ந்துவிடும். சிறிய சிகரங்கள் அதில் மூழ்கிவிடும். நீண்ட கால அளவு, குறுகிய கால அளவு என்ற வித்தியாசமே இல்லாமல் பட்டியலின் அடித்தளம் தட்டையாக ஓடினால் இதுதான் காரணமாக இருக்கும். நிஜமான வானிலை ஒருபோதும் அப்படித் தட்டையாக இருக்காது; பல நாள் நீடிக்கும் மாற்றங்களின் பக்கம் உயர்ந்தும், மணிக்கணக்கில் மாறுபவற்றின் பக்கம் தாழ்ந்தும் இருக்கும்.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகும் எட்டு ஆண்டுப் பதிவால் சொல்ல முடியாதவை உண்டு. சூரியப் புள்ளிகளின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சிக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. முதல் இடத்தில் ஏதாவது பெரிதாக நின்றால், எட்டு ஆண்டுகளில் மெல்ல ஏறிய வெப்பநிலையும் சில ஆண்டுகளின் தனிப்பட்ட குளிரும் வெயிலும் கலந்த கலவையாகத்தான் அதை எடுத்துக்கொள்ள முடியும். ஒரே ஒருமுறை மட்டும் வந்ததைச் சுழற்சி என்று சொல்ல எந்தக் கணக்குக்கும் உரிமை இல்லை.

யேனாவைப் போன்ற இன்னொரு பதிவை யாராவது கையில் எடுத்து, 24 மணி நேரத்தின் பக்கத்தில் ஒரு புதிய சிகரத்தைக் கண்டால், முதலில் அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ண வேண்டும். பிறகு 2,922-க்கு மறுபக்கம் அதே தொலைவில் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒன்று நின்றால், நாள் சுழற்சியைத் தொடர்ந்து கூட்டிக் குறைக்கும் இன்னொரு சுழற்சி இருக்கிறது. எத்தனை இடம் தள்ளி நிற்கிறதோ அதுவே அந்தச் சுழற்சியின் எண். மறுபக்கம் வெறுமையாக இருந்தால் மட்டுமே, புதிதாக ஒரு காரணத்தைத் தேடிப் புறப்பட வேண்டும்.